சொல்லை மாற்றினால் ஆளையே மாற்றலாம்



சில மாதங்களுக்கு முன் ஊவாவில் தோட்டங்களை நடத்தும் ஒரு கம்பனி, தோட்டத் தலைவர்களைக் கூப்பிட்டு ஒரு கடதாசிக் கட்டைக் கையில் கொடுத்தது. இருபத்திரண்டு பக்கம். தோட்ட ஒழுங்குவிதிகளும் கொழுந்துப் பங்கீட்டுத் திட்டமும் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஒரு வாரத்துக்குள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நமது தலைவர்கள் செய்ததை நான் குற்றமாகச் சொல்லவில்லை, எல்லாரும் செய்வதுதான். நேராகப் பங்கு எவ்வளவு, கிலோவுக்கு எவ்வளவு என்ற பக்கத்தைத் திருப்பினார்கள். இலக்கத்தைப் பார்த்தார்கள். அது பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார், போதாது என்று மற்றவர் சொன்னார். இரண்டாம் பக்கத்தை யாரும் படிக்கவில்லை. அதில் "வரைவிலக்கணங்கள்" என்று ஒரு தலைப்பு இருந்தது.

நம்மைப் பிடிக்கப் போட்ட வலை அந்தப் பக்கத்தில்தான் கிடந்தது.

இப்படிப்பட்ட ஆவணங்களில் முதலில் சில சொற்களை எடுத்து "இந்தச் சொல் வந்தால் இதுதான் அர்த்தம்" என்று எழுதிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தச் சொல் எந்தப் பந்தியில் வந்தாலும் அதே அர்த்தத்தில்தான் வர வேண்டும். ஒரு சொல்லுக்கு ஓர் அர்த்தம், ஓர் அர்த்தத்துக்கு ஒரு சொல். கடைசிப் பக்கம் வரை இந்த விதி நிற்கிறதா என்று பார்க்கிற வேலையைத்தான் நம் சங்கங்கள் செய்வதில்லை. நான் அதைக் கேட்டபோது நமது மூத்த தலைவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, "சேர், இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்குடுக்கிற வேல. நமக்குச் சம்பளம்தான் பேச்சு" என்றார். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. முப்பது வருடம் பிரட்டுக்களத்தில் நின்று துரைமாரோடு வாதாடியவர். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. அது ஏன் தப்பு என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சொன்ன சம்பளத்திலிருந்தே தொடங்குவோம். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தை எல்லாரும் "730 ரூபா சம்பளம்" என்றுதான் சொன்னோம். மேடையிலும் அப்படித்தான், பத்திரிகையிலும் அப்படித்தான். கடதாசியில் இருந்தது வேறு. அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்கு 30, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140. கூட்டினால் 730. மேடையில் "சம்பளம்" என்றால் 730, ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் என்றால் 500. ஒரே சொல்லுக்கு இரண்டு தொகை. நாம் வேலை செய்து கொண்டிருக்கும்வரை இந்த வித்தியாசம் அவ்வளவாக வலிக்காது. கூலி நாளன்று கைக்கு வருவதை எண்ணிக்கொண்டு போய்விடுவோம். ஓய்வு பெறும் நாளில்தான் வலிக்கும்.

பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். மாதச் சம்பளம் இல்லாத தொழிலாளிக்கு, முடித்த ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாட் சம்பளம், கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. முப்பது வருடம் கொழுந்து பறித்த ஓர் அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது தரம் பதினான்கு, 420 நாள். நாட்சம்பளம் 500 என்று கணக்குப் போட்டால் 210,000 ரூபா. 730 என்று போட்டால் 306,600 ரூபா. வித்தியாசம் 96,600 ரூபா. அந்தச் சட்டத்தில் "சம்பளம்" என்பது அடிப்படை அல்லது திரட்டிய சம்பளத்தோடு வாழ்க்கைச் செலவுப்படி, விசேட வாழ்க்கைப்படி, அவை போன்ற வேறு படிகள், துண்டு வேலைக் கூலி ஆகியவற்றையும் உள்ளடக்கும். வரவுக் கொடுப்பனவு "அவை போன்ற படி"யா இல்லையா என்று இரண்டு பக்கமும் வாதாடலாம். அப்படி வாதாட இடம் இருக்கிறபோதுதான் நமது ஒப்பந்தம் ஒரு வரி எழுதி அந்த வாசலை அடைத்திருக்க வேண்டும். பணிக்கொடைக்கு எது எது சம்பளம் என்று எழுதியிருக்க வேண்டும். இலக்கத்தை உயர்த்த வருடக்கணக்கில் சண்டை போட்டோம். அந்த இலக்கம் எந்தச் சொல்லுக்குரியது என்று கேட்க ஒரு நாள் செலவழிக்கவில்லை. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபா வந்தபோதும் இதே கதைதான். 900 சம்பளம், 100 வரவுசெலவுத்திட்ட நிவாரணப்படி. நாம் ஆயிரம் என்றே சொன்னோம்.

இனி அந்த இருபத்திரண்டு பக்கத்துக்கு வருகிறேன்.

இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: "தொழிலாளி என்பது தோட்டச் செக்றோலில் பெயர் பதியப்பட்டு நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள்." அடுத்த வரி: "தோட்ட வளாகம் என்பது தொழிற்சாலை, அலுவலகம், களஞ்சியம், கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம் ஆகியன." பார்த்தால் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வெறும் வரிகளாக நின்றால் சாதுவாகத்தான் இருக்கும்.

நானும் மாதர் சங்கத் தலைவிகள் மூன்று பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மேசையில் உட்கார்ந்தோம். பிள்ளைகளின் கலர் பென்சில் பெட்டி ஒன்றை எடுத்தோம். ஒரு தனித்தாளில் வரைவிலக்கணத்தில் உள்ள சொற்களை எழுதி, "தொழிலாளி"க்கு சிவப்பு, "வளாகம்" பச்சை என்று நிறம் கொடுத்தோம். பிறகு முதற்பக்கத்திலிருந்து அந்தச் சொல் வந்த இடமெல்லாம் அதே நிறத்தில் கோடு. ஆளைக் குறிக்கிற வேறு எந்தச் சொல் வந்தாலும் அதற்குக் கறுப்பில் வட்டம். இடத்தைக் குறிக்கிற வேறு சொல்லுக்கும் அப்படியே. தனித்தாளில் சொல்லுக்குக் கீழே அது வந்த பந்தியின் இலக்கம். இரண்டு மணித்தியாலம் போனது. வேறு ஒரு வித்தையும் இதில் இல்லை.

தாளைப் பார்த்தபோது, ஆளைக் குறிக்க ஆவணத்தில் ஐந்து சொற்கள் இருந்தன. நாலாம் பந்தியில் வேலைக்கு வரும் நேரம் பற்றிப் பேசும்போது "தொழிலாளி". ஆறாம் பந்தியில் ஒழுங்கு நடவடிக்கை பற்றிப் பேசும்போது "தொழிலாளியும் அவரது வீட்டில் வசிப்போரும்". ஏழில், விபத்துக்கும் வைத்தியத்துக்கும், "நிரந்தரத் தொழிலாளி". ஒன்பதில், லீவுக்கும் பிரசவ லீவுக்கும், "ஊழியர்". பதினொன்றில், கொழுந்துப் பங்கீட்டில், "பங்காளர்". வரைவிலக்கணத்தில் இருந்தது இவற்றில் முதலாவது மட்டும்தான். மற்ற நான்கும் தாய்தகப்பன் இல்லாமல் நின்றன.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். சொல் மாறிய எல்லா இடமும் சூழ்ச்சி அல்ல. பிரசவ லீவுக்குப் "பெண் தொழிலாளி" என்று எழுதினால் அது சரி. ஓய்வு பெற்றவரைப் பற்றிய வரியில் "முன்னாள் தொழிலாளி" என்று எழுதத்தான் வேண்டும். வேறு ஆளைப் பற்றிப் பேசினால் வேறு சொல் வரலாம். கேள்வி என்னவென்றால், அதே ஆளைப் பற்றிப் பேசும்போது சொல் ஏன் மாறுகிறது? பாதி இடங்களில் காரணம் கவனக்குறைவுதான் என்று நினைக்கிறேன். கொழும்பில் யாரோ ஒரு எழுதுவினைஞர் வேறொரு கம்பனியின் கடதாசியிலிருந்து ஒரு பந்தியை வெட்டி ஒட்டியிருப்பார். ஆனால் அந்தக் கவனக்குறைவு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடமை பற்றிய பந்திகளில் சொல் அகலமாக இருக்கிறது, வீட்டில் வசிக்கும் மகனும் மருமகளும்கூட அடங்குகிறார்கள். உரிமை பற்றிய பந்திகளில் சொல் ஒடுங்கிவிடுகிறது. கம்பனிக்கு நட்டம் வரும்படி சொல் மாறியிருந்தால் அவர்களே கண்டுபிடித்துத் திருத்தியிருப்பார்கள். நமக்கு நட்டம் வரும்படி மாறினால் திருத்த அங்கே ஆள் கிடையாது. அந்த வேலை நம்முடையது.

சந்தேகம் வந்த இடத்தில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வரைவிலக்கணத்தை முழுதாக வைத்து உரக்க வாசிக்க வேண்டும். ஏழாம் பந்தியில் "தோட்ட வளாகத்துக்குள் விபத்துக்குள்ளாகும் நிரந்தரத் தொழிலாளிக்கு வைத்தியச் செலவு வழங்கப்படும்" என்று இருந்தது. முதலில் "வளாகம்" என்பதை மாற்றி வாசித்தோம். "தொழிற்சாலை, அலுவலகம், களஞ்சியம், கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம் ஆகியவற்றுக்குள் விபத்துக்குள்ளாகும்..." வாசித்துக்கொண்டிருந்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டார். "அப்ப மலையில குளவி கொட்டுனா?" என்றார்.

அதுதான் கேள்வி. நாம் எட்டு மணித்தியாலமும் நிற்கிற இடம் மலை. குளவி கொட்டுவது அங்கே, அட்டை கடிப்பது அங்கே, வழுக்கி விழுந்து கால் முறிவது அங்கே. அந்த மலை "வளாகத்தில்" இல்லை. ஆனால் ஆறாம் பந்தியைத் திருப்பினால் "குடியிருப்பு உள்ளிட்ட தோட்ட வளாகத்தில் அனுமதியின்றிக் கூட்டம் கூடுதல்" ஒழுக்கக் குற்றம் என்றிருக்கிறது. வரைவிலக்கணத்தில் லயம் இல்லை, ஆறாம் பந்தியில் திடீரென்று லயம் வந்துவிட்டது. தண்டிக்கும்போது வளாகம் லயக்காம்பிரா வாசல்வரை நீளுகிறது. மருந்து கொடுக்கும்போது மடுவத்துச் சுவரோடு நின்றுவிடுகிறது. ஒரே சொல்!

அந்தப் பந்தியில் இருக்கும் "நிரந்தர" என்பதையும் சோதித்தோம். எப்படி இருந்தால் நிரந்தரம் என்று ஆவணம் எங்கும் சொல்லவில்லை. செக்றோலில் பெயர் இருப்பவரெல்லாம் தொழிலாளி என்று முதலில் சொல்லியாயிற்று. அப்படியானால் செக்றோலில் பெயர் இருந்தும் நிரந்தரம் அல்லாதவர் என்று ஒரு கூட்டம் இருக்க வேண்டும். அவர்கள் யார்? ஓய்வு பெற்றபின் கைகாசுக்கு வருகிற பாட்டிமாரா? கொந்தரப்புக்கு கவ்வாத்து வெட்டுகிற பொடியன்களா? போன வருடம் பெயர் பதிந்த பிள்ளையா? அலுவலகத்தில் அன்றைக்கு உட்கார்ந்திருப்பவர் எப்படி நினைக்கிறாரோ அப்படி. சொல்லுக்கு அர்த்தம் எழுதப்படாவிட்டால் அர்த்தம் சொல்லும் அதிகாரம் அதைக் கையில் வைத்திருப்பவருக்குப் போய்விடும்.

"ஊழியர்" என்ற சொல்லையும் விடமுடியாது. சட்டப் புத்தகத்தில் ஊழியர் சேமலாப நிதி என்றால் அதில் நாமும் அடக்கம். ஆனால் நமது தோட்டங்களில் யாரிடமாவது "ஊழியர்" என்று சொல்லிப் பாருங்கள். ஸ்டாப்மாரைத்தான் நினைப்பார்கள், கணக்கப்பிள்ளையும் டிஸ்பென்சரி ஐயாவும்தான் மனதில் வருவார்கள். லீவுப் பந்தியில் அந்தச் சொல்லை எழுதியவர் எந்த அர்த்தத்தில் எழுதினார்? இங்கிலிஷ் பிரதியைப் பார்த்தோம். அங்கே நாலாம் பந்தியிலும் ஒன்பதாம் பந்தியிலும் ஒரே சொல்தான், "எம்ப்ளோயி". மாறியது தமிழில் மட்டும். இது மொழிபெயர்த்தவரின் தப்பு என்று தெரிந்தது. ஆனால் கடைசிப் பக்கத்தில் "பிரதிகளுக்கிடையில் முரண்பாடு ஏற்பட்டால் ஆங்கிலப் பிரதியே மேலோங்கும்" என்று ஒரு வரி இருந்தது. அந்த வரி இந்தத் தடவை நமக்கு உதவியது, அடுத்த தடவை உதவும் என்று சொல்ல முடியாது. பாராளுமன்றச் சட்டங்களின் கடைசியிலும் இப்படி ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், சிங்களத்துக்கும் தமிழுக்கும் ஒவ்வாமை இருந்தால் சிங்களமே மேலோங்கும் என்று. ஆகவே நாம் வாசிப்பது ஒரு பிரதி, நம்மைக் கட்டுப்படுத்துவது இன்னொரு பிரதி. மேலோங்கும் பிரதியிலும் அதே நிறக்கோடு போட வேண்டும். சிங்களமோ இங்கிலிஷோ வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இப்போது ஒருவராவது இருக்கிறது.

இனி பெரிய விஷயம், "பங்காளர்".

பதினோராம் பந்தி சொல்வது இதுதான். விரும்பும் தொழிலாளிக்குத் தேயிலை மலையில் ஒரு துண்டு பொறுப்பாகக் கொடுக்கப்படும். உரத்தையும் மருந்தையும் கம்பனி கொடுத்து அதன் விலையைக் கழித்துக்கொள்ளும். பறிக்கிற கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் பங்கு. "இவ்வாறு பொறுப்பேற்றவர் இதன் பின்னர் பங்காளர் எனப்படுவார்." நமது தலைவர்கள் பார்த்தது கிலோவுக்கு எவ்வளவு என்பதை. நல்ல பறிப்புள்ள மாதத்தில் நாட்சம்பளத்தைவிடக் கூட வரும், அதை நான் மறுக்கவில்லை.

இப்போது இரண்டாம் பக்கத்துக்குத் திரும்புங்கள். தொழிலாளி என்றால் "நாட்சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆள்". பங்காளருக்கு நாட்சம்பளம் இல்லை. ஆகவே பங்காளர் தொழிலாளி அல்ல. தொழிலாளி அல்ல என்றால் ஏழாம் பந்தி அவருக்கு இல்லை, ஒன்பதாம் பந்தி இல்லை, சேமலாப நிதிக்கு கம்பனி 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போடும் என்ற பத்தாம் பந்தியும் இல்லை. "பங்காளருக்குச் சேமலாப நிதி கிடையாது" என்று இருபத்திரண்டு பக்கத்தில் எந்த இடத்திலும் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் பிரட்டுக்களத்திலேயே கிழித்துப் போட்டிருப்போம். எழுத வேண்டிய தேவையே இல்லை. இரண்டாம் பக்கத்தில் "நாட்சம்பளத்துக்கு" என்ற ஒரு சொல்லும், பதினோராம் பந்தியில் ஒரு புதிய பெயரும் போதுமாயிருந்தது. அதே லயத்தில் இருந்து அதே மலைக்குப் போய் அதே கொழுந்தைப் பறிக்கிற அதே ஆள், காலையில் தொழிலாளியாகப் போய் மத்தியானம் தொழிலாளி இல்லாமல் வருகிறார்.

இது புதிய தந்திரம் என்று நினைக்காதீர்கள். வெள்ளைக்காரன் 1889இல் போட்ட இந்தியத் தோட்டத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தில் "தொழிலாளி" என்றால் தோட்டப் பதிவேட்டில் பெயருள்ள, இந்தியக் கூலிகள் என்று பொதுவாக அழைக்கப்படுகிற ஆட்களும் கங்காணிகளும் என்று வரைவிலக்கணம் எழுதினான். தேயிலை மலையில் பக்கத்து நிரையில் நிற்கிற கிராமத்துச் சிங்களவர் அந்தச் சொல்லுக்குள் வரவில்லை. நம்மைத் தனியாகப் பிரித்துவைக்க வேலி போடவில்லை, ஒரு வரி எழுதினான். பதிவேட்டில் பேர் இருக்கிறதா என்று இன்றைக்கும் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு அவ்வளவு வயது.

நம்மிடையே இன்னொரு வாதம் வரும், வந்தும்விட்டது. "கம்பனி என்ன எழுதினாலும் சட்டத்தை மீற முடியாது, தொழில் திணைக்களம் இருக்கிறது, நியாயசபை இருக்கிறது" என்று. இதில் உண்மை இருக்கிறது, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் (1950இன் 43) வேலையாள் என்பவர், எழுத்தில் இருந்தாலும் வாய்ப்பேச்சாக இருந்தாலும், ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதற்கான ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவரையும் உள்ளடக்கும். துண்டு எடுத்த நமது பங்காளர் அதற்குள் வருவார் என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. சேமலாப நிதிச் சட்டத்தில் (1958இன் 15) "உழைப்பு வருமானம்" என்பதில் துண்டு வேலைக் கூலியும் அடங்கும். நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் (1934இன் 19) விபத்து எந்தக் கட்டடத்துக்குள் நடந்தது என்று கேட்பதில்லை, வேலையின் காரணமாக, வேலையின்போது நடந்ததா என்றுதான் கேட்கிறது. மலையும் அதில் வரும். ஆகவே கம்பனி சொல்லை வளைத்துச் சட்டத்தை அழித்துவிட முடியாது.

சரி. ஆனால் குளவி கொட்டி முகம் வீங்கிய பெண்ணைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகிறோம். வாகனம் கேட்கிறோம். அங்கே இருப்பவர் 1934ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தைத் திறப்பாரா, மேசையில் இருக்கிற கம்பனிக் கடதாசியைத் திறப்பாரா? "வளாகத்துக்குள் நடக்கவில்லையே" என்று அவர் சொல்வார். நாம் பதுளைக்குப் போய் முறைப்பாடு எழுதி, திகதி வாங்கி, கூலி நாளை விட்டு, பஸ் ஏறி, வழக்கு முடியும் வரை அந்தப் பெண் என்ன செய்வாள்? நீதிமன்றத்தில் வெல்லக்கூடிய உரிமை ஒன்று, அலுவலக யன்னலில் கேட்டதும் கிடைக்கிற உரிமை இன்னொன்று. ஆவணம் எழுதப்படுவது யன்னலுக்காக. அங்கே தோற்கிறவர்களில் நூற்றில் எத்தனை பேர் நியாயசபை வரை போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

தவிர, அதே சட்டங்களைத் திறந்தால் வரைவிலக்கணப் பிரிவின் தலையில் "சந்தர்ப்பம் வேறுவிதமாக வேண்டினாலன்றி" என்று ஒரு வாசகம் இருப்பதைக் காணலாம். சொல்லுக்கு ஓர் அர்த்தம் எழுதிவிட்டு, இடத்தைப் பொறுத்து வேறாகவும் கொள்ளலாம் என்று ஒரு சந்து விடுவது அது. சட்டத்தில் அந்தச் சந்துக்குள் யார் போகலாம் என்று தீர்மானிக்க நீதிபதி இருக்கிறார். கம்பனி ஆவணத்தில் அதே வாசகத்தை எடுத்து ஒட்டியிருந்தார்கள். இங்கே தீர்மானிப்பது யார், துரையா? அந்த வரியை முழுதாக வெட்டச் சொல்லிக் கேட்டோம்.

கேட்டது நான்கு திருத்தம். முதலாவது: "தொழிலாளி என்பது, எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும், கூலி நாட்கணக்கிலோ கிலோக் கணக்கிலோ பங்காகவோ கொடுக்கப்பட்டாலும், தோட்டத்துக்காக வேலை செய்யும் எவரும், பங்காளரும் இதில் அடங்குவர்." இரண்டாவது: "வளாகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அதை இரண்டாக்குவது. மலை, பாதை, தொழிற்சாலை, மடுவம் எல்லாம் "வேலையிடம்"; லயமும் வீடும் அதைச் சுற்றிய முற்றமும் "குடியிருப்பு". விபத்துப் பந்தியில் வேலையிடம் மட்டும் வரட்டும், ஒழுங்குப் பந்தியிலும் வேலையிடம் மட்டும் வரட்டும். நம் வீட்டு வாசலில் யார் கூடுகிறார்கள் என்பது கம்பனியின் ஒழுங்குவிதிக்குரிய விஷயம் அல்ல. மூன்றாவது: "நிரந்தர", "ஊழியர்" இரண்டையும் நீக்கி எல்லா இடத்திலும் "தொழிலாளி" என்று எழுதுவது. நான்காவது, நான் மேலே சொன்ன சந்தை அடைப்பது.

கம்பனியின் பதில் மூன்று வாரத்தில் வந்தது. இரண்டாவது திருத்தம் சரி என்றார்கள். மூன்றாவதும் சரி, "அது எழுத்துப் பிழை" என்று மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். நான்காவதைப் பரிசீலிப்போம் என்றார்கள். முதலாவதுக்கு மட்டும், "இது சொல் பற்றிய விஷயம் அல்ல, கொள்கை பற்றிய விஷயம், இதில் மாற்றம் செய்ய இயலாது" என்று எழுதியிருந்தார்கள்.

அந்த வரியை நான் அந்த மூத்த தலைவரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப இந்த ஒத்தச் சொல்லுக்குத்தான் இருபத்திரண்டு பக்கமும் எழுதியிருக்கான்" என்றார். எது கைத்தவறு, எது கணக்குப் பார்த்துச் செய்தது என்று நாங்கள் கலர் பென்சிலோடு கண்டுபிடிக்க முடியாததை, கம்பனியே தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தது.

அடுத்த பேச்சுவார்த்தைக்கு நாம் கிலோவுக்கு இன்னும் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போகக் கூடாது என்பது எனது நிலைப்பாடு. பங்காளரும் தொழிலாளியே என்ற வரி இரண்டாம் பக்கத்தில் ஏறும்வரை பதினோராம் பந்தியைப் பற்றிப் பேசவே கூடாது. சில தலைவர்களுக்கு இதில் உடன்பாடு இல்லை, இலக்கத்தை உயர்த்தினால் சனம் சந்தோஷப்படும் என்கிறார்கள். அவர்கள் தங்கள் பதிலை அடுத்த இதழில் எழுதட்டும். இதற்கிடையில் பசறை, மடூல்சீமை, ஹாலிஎல, ஹப்புத்தளைப் பக்கம் எந்தத் தோட்டத்திலாவது "பங்காளர்", "வெளிப் பயிர்ச்செய்கையாளர்", "கொழுந்து வழங்குநர்" என்ற பெயரில் கடதாசி வந்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். இரண்டாம் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் விட்டுவிடாமல் அனுப்புங்கள்.